உள்ளே தள்ளிய விளக்கு

சரிதா தன் புது வீட்டுப் பூஜை மூலையை அடுக்கிப் படம் எடுக்க ஓரகத்தி தேவிப்ரியாவையே அனுப்பி வைக்கச் சொன்னாள் என்றால், அதற்குக் கொழுப்பைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

ராசிபுரத்தில் தேக்கு மரத்தில் பூஜை மண்டபம் செய்து கொடுக்கும் கடை ஒன்றில் தேவிப்ரியா வேலை பார்த்தாள். வாங்கியவர் வீட்டில் தச்சர்கள் மண்டபத்தைப் பொருத்திவிட்டு வந்ததும் இவள் போவாள். சாமி சிலைகளையும் விளக்குகளையும் பூவையும் அழகாக, பத்திரமாக அடுக்கிப் படம் எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போடுவாள். அந்தப் படங்களைப் பார்த்தே பாதிப் பேர் கடை தேடி வந்தார்கள். தன் வீட்டு மூலை அந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று சரிதாவுக்கு ஆசை. அந்த ஆசையோடு ஒரு நிபந்தனையையும் கடைக்காரர் முருகானந்தத்திடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அக்கா எல்லாத்தையும் அடுக்கட்டும். விளக்கை மட்டும் தொட வேண்டாம். நானே ஏத்திக்கறேன்."

முருகானந்தம் நல்ல மனுஷர். "ஏனுங்க அம்மிணி, சங்கடமா இருந்தா வேற ஆளை அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. நானே போறேன். எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருக்கறேன்" என்றாள் தேவிப்ரியா. அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். தப்பில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பவளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நடந்தது இதுதான். மூன்று கார்த்திகைக்கு முன்பு, புதுச்சத்திரம் பழைய வீட்டில் அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் ஒன்றாக இருந்தது. மூத்த மருமகள் தேவிப்ரியா பொழுது சாயும் நேரத்தில் காமாட்சி விளக்கை ஏற்றி, எப்போதும் வைக்கும் இடத்தில், பூஜை அலமாரியின் முன்விளிம்பில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வீட்டில் இருந்த மற்ற எல்லோரும் அகல் விளக்கு வரிசை வைக்க வாசலுக்குப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அலமாரி எரிந்தது. ஓடி வந்து பார்த்தபோது விளக்கு முன்விளிம்பில் இல்லை. உள்ளே, முருகன் படத்தின் காலடியில், தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பூச்சரத்துக்கு நேர் கீழே இருந்தது. சரிதா அலறிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரை எரிகிற எண்ணெய் மேல் வீசினாள். எண்ணெய் சீறித் தெறித்தது. குலதெய்வம் படத்தை எடுக்கக் கை நீட்டியிருந்த மாமியார் சென்னியம்மாளின் வலது கை வெந்துபோனது. இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்கியே இருக்கின்றன.

"நான் முன்னாலதானுங்க வெச்சேன், யாரோ நகத்தி வெச்சிருக்காங்க" என்று தேவிப்ரியா கத்தினாள். கேட்பார் யாருமில்லை. "நான் அந்தப் பக்கமே போகலீங்க" என்று சரிதா அழுதாள். அவள் அழுதால் வீடே அழும். அவள் அப்பா திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிற பணக்காரர். ஏற்றியவள் யார் என்று கேட்டார்கள். தேவிப்ரியா. அத்தோடு முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட கையோடு வந்த சென்னியம்மாள், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும், மூத்த மருமகள் இனி இந்தக் குடும்பத்தில் விளக்கு ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வீட்டு மருமகளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. பொங்கலுக்கும் சீருக்கும் காதுகுத்துக்கும் எல்லோரும் வரிசையாக விளக்கேற்றும்போது அவள் முறை வந்ததும் தீப்பெட்டி அவளைத் தாண்டிப் போகும். புருஷன் இளவழகன் லாரியில் நாக்பூருக்கும் ராய்ப்பூருக்கும் ஓடுகிறவன். "அம்மா கையைப் பாரு, கொஞ்ச நாள் பொறுத்துப் போ" என்பதோடு அவன் வீரம் முடிந்தது. தனிக்குடித்தனம் போன பிறகும் விசேஷங்களுக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பி, தன் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து, சரிதாவை நினைத்துப் பல்லைக் கடித்தாள். சாமி முன்னால் அப்படி நினைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வேறு யார் முன்னால் நினைப்பது?

நகர்த்தியவள் சரிதா என்பதில் தேவிப்ரியாவுக்குச் சந்தேகமே கிடையாது. எதைக் கண்டாலும் கைபேசியில் படம் எடுத்துப் போடுகிறவள் அவள். சாமி முகம் பளிச்சென்று விழ வேண்டுமென்று விளக்கை உள்ளே தள்ளிவைத்துப் படம் எடுப்பாள். எடுத்த கையோடு மறந்துபோவாள். அன்றைக்கும் அதுதான் நடந்திருக்கிறது. தெரிந்து என்ன செய்ய? சொன்னால் பொறாமை என்பார்கள். அதனால் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். சரிதா தானே ஒருநாள் எல்லோர் முன்னிலும் அதையே செய்வாள் என்று காத்திருந்தாள். அவளிடம் ஒரு காமிராவைக் காட்டினால் போதும்.

தை வெள்ளிக்கிழமை காலை. நெடுஞ்சாலையை ஒட்டிய புது வீடு. பால் காய்ச்சி இரண்டு மாதம் ஆகியும் தச்சு வேலை இழுத்துக்கொண்டு போனதால், பூஜை மண்டபத்தில் முதல் விளக்கு இன்றைக்குத்தான். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஏற்றிவிட வேண்டும். கூடம் நிறைய உறவுக்காரர்கள். சரிதாவின் அப்பா வெள்ளை வேட்டியில் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சென்னியம்மாள் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தாள்.

"வாங்கக்கா, வாங்க. உங்க கை பட்டா மூலையே அழகாயிருமுன்னு கடையில சொன்னாங்க" என்றாள் சரிதா. பட்டுச் சேலையில் பளபளத்தாள். பிறகு கூடத்துக்கே கேட்கும்படி, "விளக்கை மட்டும் நான் பாத்துக்கறேனுங்க்கா. அத்தை மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க" என்றாள்.

"சரி கண்ணு" என்றாள் தேவிப்ரியா. எரிச்சலை முகத்தில் காட்டவில்லை.

மண்டபத்தைப் பார்த்தாள். நல்ல வேலை. மேலே வளைவு, பின்னால் சிவப்புப் பட்டுத் திரை, அடியில் இழுத்தால் வெளியே வரும் கருங்கல் பலகை. அந்தப் பலகைதான் விளக்குக்கு. வெளியே இழுத்துவிட்டால் விளக்கின் தலைக்கு மேல் மரமும் இருக்காது, துணியும் இருக்காது, கூரை வரைக்கும் வெறும் காற்றுதான். கடையில் அதற்காகவே அந்தப் பலகையை வைக்கச் சொன்னவள் தேவிப்ரியா.

முதலில் எல்லாவற்றையும் காலி செய்தாள். சரிதா ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தவை: தீப்பெட்டிக் கட்டு, சூடம் பாக்கெட், நல்லெண்ணெய் பாட்டில், பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கூடை. எண்ணெயையும் சூடத்தையும் தீப்பெட்டியையும் எதிர்ச்சுவர் அலமாரிக்கு மாற்றினாள். பட்டுத் திரையைப் பின்பலகையோடு இழுத்து ஊசி குத்தினாள், காற்றில் முன்னால் பறந்து வராமல். பிறகு படங்களைப் பின்வரிசையில் நிறுத்தினாள். குலதெய்வம் நடுவில், மற்றவை இருபுறமும், கண்ணாடியில் ஜன்னல் தெரியாதபடி தலை கொஞ்சம் முன்சாய்ந்து. முன்வரிசையில் இடப்பக்கம் பிள்ளையார் சிலை, நடுவில் முருகன் சிலை. ஒன்றை ஒன்று மறைக்காமல், இடையில் விரல் நுழையும் இடைவெளி விட்டு. மல்லிகையையும் செவ்வந்தியையும் சிலைகளின் தோளுக்கும் காலடிக்கும் வைத்தாள், முகம் மறையாமல். ஊதுவத்தித் தண்டைச் சாம்பல் விழும் பித்தளைத் தட்டோடு ஓரமாக வைத்தாள். அதற்குப் பக்கத்தில் பூ எதுவும் வைக்கவில்லை.

வளைவில் சரிதா ஒரு பிளாஸ்டிக் சாமந்திச் சரத்தைத் தொங்கவிட்டிருந்தாள். தேவிப்ரியா அதைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அதைக் கழட்டாதீங்கக்கா, அதுலதான் கலரே இருக்குது."

"பிளாஸ்டிக்கு சீக்கிரம் பத்திக்கும் சரிதா. உருகிச் சொட்டும். சொட்டுற இடமும் பத்தும்" என்றாள் தேவிப்ரியா, கூடத்துக்குக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக. "விளக்கு இந்தக் கல்லு மேலதான். உள்ள போகக் கூடாது."

"அக்காவுக்குப் பயம் போகல" என்று சரிதா உறவுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தாள். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். சரம் திரும்பவும் வளைவில் ஏறியது. தேவிப்ரியா இரண்டாம் முறை தடுக்கவில்லை. சொன்னதற்குக் கூடம் நிறையச் சாட்சி இருந்தது, போதும்.

தான் கொண்டுவந்த மணல் வாளியை மண்டபத்தின் ஓரம் வைத்தாள். கனமான எவர்சில்வர் மூடி ஒன்றையும் நீள இடுக்கியையும் பக்கத்தில் வைத்தாள். எல்லா வீட்டுக்கும் கொண்டுபோவது வழக்கம். மேலே ஓடிய மின்விசிறியை நிறுத்தினாள். கருங்கல் பலகையை வெளியே இழுத்து, அதன் மேல் பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தில் காமாட்சி விளக்கு. எண்ணெய் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி ஊற்றச் சொன்னாள். திரியை வெளியே அரை விரல் கூட நீட்டாமல் வைக்கச் சொன்னாள். சொன்னாளே தவிர விளக்கைத் தொடவில்லை. இரண்டையும் சரிதாதான் செய்தாள், பள்ளிப் பிள்ளையை வேலை வாங்குகிறாளே என்ற முகச்சுளிப்போடு.

ஒரே ஒரு வேலையை மட்டும் தேவிப்ரியா வேண்டுமென்றே செய்யவில்லை. வளைவின் நிழல் முருகன் முகத்தில் விழுந்து இருட்டடிக்கும். அதற்கு அவள் எப்போதும் பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்றைப் படத்தில் தெரியாத இடத்தில் சாய்த்து வைப்பாள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிச் சாமி முகத்தில் விழும். விளக்கை நகர்த்தவே வேண்டியதில்லை. அந்தத் தட்டு அன்றைக்கு அவள் பைக்குள்ளேயே கிடந்தது.

குலவைச் சத்தத்தோடு சரிதா விளக்கை ஏற்றினாள். கற்பூரத் தட்டைக் காட்டினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். தேவிப்ரியா படமெடுக்கும் முக்காலியில் கைபேசியை மாட்டி ஒரு படம் எடுத்து, சரிதாவிடம் காட்டினாள்.

"என்னங்க்கா இது! சாமி மூஞ்சியே தெரியல. கருகருன்னு இருக்குது."

"வெளிச்சம் அப்படித்தானே இருக்குது கண்ணு."

"நீங்க இத்தனை வருசமா என்ன படம் எடுத்தீங்களோ! இதுக்கென்ன, விளக்கை உள்ள தள்ளிட்டாப் பளிச்சுன்னு வந்துரும். நான் எப்பவுமே அப்படித்தான் எடுப்பேன்." சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தாம்பாளத்தோடு விளக்கைத் தூக்கி முருகன் காலடியில் வைத்தாள், சரத்துக்கு நேர் கீழே. "பழைய ஊட்டுலயும் இப்படித்தானே எடுத்துப் போடுவேன். எத்தனை பேரு நல்லாயிருக்குதுன்னு சொன்னாங்க! இப்ப எடுங்க, பாக்கலாம்."

சென்னியம்மாளின் தலை நிமிர்ந்தது. தேவிப்ரியா அதைப் பார்த்தாள். மூன்று வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, அவள் வாயாலேயே, அவள் அப்பா முன்னாலேயே, கேட்காமலேயே விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் அவளுக்குக் காது அடைத்தது. முக்காலிக்குப் பின்னால் நின்று படம் எடுக்கிற பாவனையில் கண்ணை மட்டும் சரத்தின் மேல் வைத்தாள்.

முதலில் ஒரு சாமந்தி சுருங்கியது. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒரு நூல் புகை எழுந்தது. இப்போதே போய் எடுக்கலாம். அவள் நகரவில்லை. மூடியை முன்பே கையில் எடுத்து வைத்திருந்தாள், மணல் எட்டும் தூரத்தில் இருந்தது, எவ்வளவு தூரம் விடலாம் என்று அவளுக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டாள். உண்மையைச் சொன்னால், எல்லோரும் பார்க்கும்படி அது எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

எரிந்தது. சரத்தின் நுனி பற்றி, உருகிய சொட்டு ஒன்று விளக்குக்குள் விழுந்தது. சுடர் குதித்து எழுந்தது. "ஐயோ!" என்று கூடம் எழுந்தது. சரிதா திரும்பிக் கைக்கு எட்டிய தீர்த்தச் சொம்பைத் தூக்கினாள்.

தேவிப்ரியா ஒரே எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். வளையல் நெரிந்தது. "தண்ணி ஊத்தாதே! எத்தனை பேரு கையை வேக வைப்பே?" என்று கத்தினாள். இன்னொரு கையால் மூடியை விளக்கின் மேல் கவிழ்த்தாள். காற்று இல்லாமல் எண்ணெய்த் தீ அதனுள்ளேயே செத்தது. இடுக்கியால் சரத்தைப் பிடித்து இழுத்து மணல் வாளியில் அமுக்கினாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பட்டுத் திரையில் ஒரு சூடு கூட இல்லை. புகை நாற்றம் மட்டும் நின்றது. புது வீட்டின் முதல் விளக்கும் அணைந்துபோயிருந்தது.

எல்லோரும் மண்டபத்தைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"எல்லாரும் பாத்தீங்கல்லங்க?" என்றாள் தேவிப்ரியா. "விளக்கை உள்ள தள்ளுனது ஆரு? பழைய ஊட்டுலயும் இப்படித்தான் எடுப்பேன்னு சொன்னது ஆரு? தண்ணிச் சொம்பைத் தூக்குனது ஆரு? கார்த்திகை அன்னைக்கு நடந்தது இதேதான். நான் ஏத்தி வெச்ச விளக்கை இவ நகத்துனா. பழி எந்தலையில."

"பொய்யி!" என்று சரிதா வீறிட்டாள். "அக்கா வேணுமுன்னே விட்டுட்டுப் பாத்தாங்க! எரியட்டுமுன்னு நின்னாங்க! அப்பா, பாருங்கப்பா!" அவள் சொன்னதில் பாதி உண்மை. தேவிப்ரியா அதை மறுக்கவும் இல்லை. சரிதா மாமியாரின் காலடியில் போய் உட்கார்ந்தாள். "அத்தை, நீங்க சொல்லுங்கத்தை. அன்னைக்கு நான் அந்தப் பக்கமே போகலன்னு சொல்லுங்கத்தை."

சென்னியம்மாள் எழுந்தாள். மூத்த மருமகளின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"அம்மிணி, இத்தோட விட்டுரு" என்றாள் அடிக்குரலில். "ஊடே நாறிப் போயிரும்."

"இன்னும் உங்களுக்கு நம்பிக்கை வரலீங்களா அத்தை?"

சென்னியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி. போனைத் தூக்கிக்கிட்டு அவ உள்ள போனதை வாசல்ல இருந்து நான்தான் பாத்தேன்."

தேவிப்ரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பை மறைத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"தெரிஞ்சுமா?"

"அவளைச் சொல்லியிருந்தா அவ அப்பன் கூட்டிக்கிட்டுப் போயிருப்பான். கட்டி ஒரு வருசம் ஆகல. என்ற சின்னவன் என்ன ஆவான்? நீ அப்படிப் போகமாட்டே. நீ தாங்குவேன்னு தெரியும். அதான்…"

தாங்குவாளாம். மூன்று வருஷம், பொங்கலும் சீரும் காதுகுத்துமாக ஒவ்வொரு விசேஷத்திலும் தீப்பெட்டி தன்னைத் தாண்டிப் போனபோதெல்லாம், பக்கத்தில் நின்ற இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வெந்த கையைப் பார்க்கும்போதெல்லாம் தேவிப்ரியா உள்ளுக்குள் உருகியிருக்கிறாள், ஒருவேளை நான்தான் சரியாக வைக்கவில்லையோ என்று ராத்திரிகளில் புரண்டிருக்கிறாள். சரிதா முட்டாள், மறந்தாள், பயந்தாள், பொய் சொன்னாள். இவள் யோசித்து, கணக்காக, ஒருத்தியைப் பலி கொடுத்திருக்கிறாள். இத்தனை நாள் ஆத்திரத்தை ஆள் மாற்றிச் செலவழித்துவிட்டோமே என்று தேவிப்ரியாவுக்கு அழுகை வந்தது. அழவில்லை.

"வெளிய வாங்க. இதை அங்க சொல்லுங்க."

"அவ அப்பன் உக்காந்திருக்கறான் அம்மிணி…"

"அதுக்குத்தான் சொல்றேன். அன்னைக்கு என்னை எத்தனை பேரு முன்னால வெச்சுச் சொன்னீங்க? அத்தனை பேரும் இன்னைக்கு வந்திருக்கறாங்க. நீங்க சொன்னாத்தான் அந்த மண்டபத்தை நான் திரும்ப அடுக்குவேன். இல்லீன்னா புகை நாத்தத்தோட இப்படியே கெடக்கட்டும். பத்தரைக்கு ராகு காலம்."

சென்னியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். இறங்கி வருகிற முகம் இல்லை என்று தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூத்தவ மேல தப்பில்ல. சின்னவதான் விளக்கை நகத்துனது. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் சொல்லல. எல்லாரும் மன்னிச்சுக்கோணும்."

சரிதாவின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போனார். போகிற வழியில் மகளைப் பார்க்கவில்லை. சரிதா முகத்தைப் பட்டுச் சேலையில் புதைத்துக்கொண்டாள். சற்று முன் கூடச் சிரித்த நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். தேவிப்ரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒன்றையும் விடாமல், வயிறு நிறையப் பார்த்தாள். மனசு குளிர்ந்தது.

கொடுத்த வாக்குப்படி வேலையைச் செய்தாள். ஜன்னல்களைத் திறந்து புகையை விரட்டினாள். கரி விழுந்த பூக்களை அகற்றிப் புதுப் பூ வைத்தாள். மூடி ஆறிய பிறகு எடுத்து, உருகின பிளாஸ்டிக் விழுந்த விளக்கை ஒதுக்கிவிட்டு வேறு விளக்கு கொண்டுவரச் சொன்னாள். கருங்கல் பலகையில் தாம்பாளம், தாம்பாளத்தில் விளக்கு, மேலே வெறும் காற்று. வளைவில் ஒன்றும் தொங்கவில்லை. கடைசியில் பையிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்து இடப்பக்கம் சாய்த்தாள். ஜன்னல் வெளிச்சம் திரும்பி முருகன் முகத்தில் விழுந்தது. விளக்கு இல்லாமலே சாமி பளிச்சென்று சிரித்தார். "தட்டு ஒண்ணு வெச்சாப் போதுமா?" என்று யாரோ முணுமுணுத்தது சரிதாவுக்கும் கேட்டிருக்கும்.

"நேரமாகுது, ஏத்துங்க" என்றார் ஒரு பெரியவர்.

எல்லோரும் சரிதாவைப் பார்த்தார்கள். அவள் தீப்பெட்டியை வாங்கினாள். குச்சியைப் பற்ற வைத்தாள். சுடர் எழுந்ததும் பயந்து விரலை விரித்துவிட்டாள். குச்சி தரையில் விழுந்து அணைந்தது. இன்னொன்று உரசினாள், அதுவும் விழுந்தது. "என்னால முடியலீங்க" என்று தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகப் போய்விட்டாள். வேறு பெண்களை அழைத்தார்கள். குடும்பத்து விளக்கு, நாங்கள் எப்படித் தொடுவது என்று ஒவ்வொருத்தியும் பின்வாங்கினாள். ஒருமுறை அணைந்த விளக்கை ஏற்றி வம்பை யார் வாங்குவார்கள்?

சென்னியம்மாளே முன்னால் வந்தாள். மடங்கிய விரல்களில் குச்சி நிற்கவில்லை. இடது கையால் உரசிப் பார்த்தாள், குச்சி முறிந்தது. தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேவிப்ரியாவிடம் வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாகத் தீப்பெட்டி அவளுக்கு எதிரே நின்றது.

"நீ ஏத்து சாமி. உன்ற கையால ஏத்து. இனி இந்தக் குடும்பத்துல நீதான் மொத விளக்கு."

இதற்காகத்தான் அவள் ஏங்கியிருந்தாள். இந்தத் தீப்பெட்டிக்காக, இந்தக் கூடத்துக்காக. கை தானாகவே நீளப் பார்த்தது. அதை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேனுங்க அத்தை."

"அம்மிணி, ராகு காலம் வரப்போகுது…"

"வரட்டுங்க. தாங்குவேன்னுதானே அன்னைக்கு என்னை விட்டீங்க? இதையும் தாங்கறேன். இன்னைக்கு நீங்க தாங்குங்க."

"அக்கா…" என்றாள் சரிதா ஓரத்திலிருந்து. குரலில் கொழுப்பு ஒரு சொட்டு இல்லை. "எங்களுக்காக இல்லீனாலும், சாமிக்காக ஏத்துங்கக்கா."

"சாமி என்ற ஊட்டுலயும் இருக்கறாரு சரிதா. காத்தால ஏத்திட்டுத்தான் வந்தேன்."

முக்காலியைச் சரிசெய்தாள். சிலைகள் வரிசையாக, பூ அளவாக, எண்ணெய் நிரம்பி, திரி நிமிர்ந்து, எல்லாம் இருந்தும் சுடர் மட்டும் இல்லாத அந்த மூலையை ஒரு படம் எடுத்தாள். முருகானந்தத்துக்கு அப்போதே அனுப்பினாள். வேலை முடிந்தது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் வாய் வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை ஆனது. பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். சென்னியம்மாள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேவிப்ரியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அவளுக்கு எதிரே போட்டு, மாமியாரின் முகம் நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்துகொண்டாள்.